இரண்டு வண்டிகள் மோதும்போது உந்தம் எங்கே போகிறது? உந்த அழிவின்மை விதிக்கு ஒரு முழுமையான செய்முறை வழிகாட்டி

வழவழப்பான ஒரு நீண்ட பலகையின் மேல் ஒரு வண்டி அசையாமல் நிற்கிறது. அதைவிட நிறை குறைந்த இன்னொரு வண்டி வந்து அதன்மேல் மோதி, அதோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து, வந்த வண்டியின் வேகத்தைவிட மெதுவாக நகர்கின்றன. எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை மோதலுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட முடியும். அதற்கு வண்டி எதனால் ஆனது, ஊசியால் ஒட்டியதா களிமண்ணால் ஒட்டியதா, மோதலின்போது எவ்வளவு சத்தம் வந்தது என்ற எதுவும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நிறைகளும் முதல் வண்டியின் திசைவேகமும் தெரிந்தால் போதும். இந்தக் கணக்கைச் சாத்தியமாக்குவதுதான் உந்த அழிவின்மை விதி. அதை ஒரு பள்ளி ஆய்வகத்தில் எப்படிச் செய்து பார்ப்பது, எங்கே தவறு நேரும், தவறு நேர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

உந்தம் என்றால் என்ன

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். நிறை m, திசைவேகம் v என்றால் உந்தம் p = mv. நிறையைக் கிலோகிராமிலும் திசைவேகத்தை மீட்டர்/விநாடியிலும் எடுத்தால், உந்தத்தின் அலகு கி.கி. மீ/வி. இந்த வரையறையில் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் சொல் 'திசைவேகம்' என்பதுதான். வேகத்துக்குத் திசை இல்லை, திசைவேகத்துக்குத் திசை உண்டு. ஆகவே உந்தத்துக்கும் திசை உண்டு. நேர்ப்பாதை ஒன்றில் இரண்டே திசைகள்தான் இருக்க முடியும் என்பதால், ஒன்றை நேர்க்குறியாகவும் மற்றதை எதிர்க்குறியாகவும் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஒட்டிக்கொள்ளும் மோதலில் எல்லாமே ஒரே திசையில் நகர்வதால் இந்தக் குறி நம்மைத் தொந்தரவு செய்யாது. வண்டி திரும்பி வரும் மோதலில் இதுவே முழுக் கணக்கையும் தீர்மானிக்கும்.

ஏன் மொத்த உந்தம் மாறுவதில்லை

முதல் வண்டியை A என்றும், நின்றுகொண்டிருக்கும் வண்டியை B என்றும் அழைப்போம். மோதும் நேரத்தில் A வண்டி B-ஐ முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அதே அளவு விசையுடன் B வண்டி A-ஐப் பின்னோக்கித் தள்ளுகிறது. 'இரண்டு விசைகளும் சமமாகவும் எதிராகவும் இருந்தால் ஒன்றையொன்று நீக்கிவிடாதா, பிறகு ஏன் வண்டிகளின் வேகம் மாறுகிறது?' என்ற கேள்வி வகுப்பில் எழாமல் இருந்ததே இல்லை. எழ வேண்டிய கேள்வியும்கூட. ஒரு விசை B-யின் மேலும் மற்றது A-யின் மேலும் செயல்படுகின்றன. A-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் அதன்மேல் உள்ளது பின்னோக்கிய விசை மட்டுமே, அதனால் அது வேகம் குறைகிறது. B-ஐ மட்டும் பார்த்தால் அதன்மேல் உள்ளது முன்னோக்கிய விசை மட்டுமே, அதனால் அது நகரத் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே தொகுதியாகப் பார்க்கும்போதுதான் அவ்விரு விசைகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன.

இதில் விசையின் அளவு சமம் என்பதோடு, அது செயல்படும் நேரமும் சமம் என்பதைக் கவனியுங்கள். A வண்டி B-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம்தான் B-யும் A-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் கணத்தாக்கு, அந்தப் பொருளின் உந்த மாற்றத்துக்குச் சமம். A, B வண்டிகளின் நிறைகள் m₁, m₂ என்றும், மோதலுக்கு முன் அவற்றின் திசைவேகங்கள் u₁, u₂ என்றும், மோதலுக்குப் பின் v₁, v₂ என்றும், சராசரி விசை F என்றும் தொடும் நேரம் t என்றும் கொண்டால்:

A-யின் உந்த மாற்றம்: m₁v₁ − m₁u₁ = −Ft

B-யின் உந்த மாற்றம்: m₂v₂ − m₂u₂ = +Ft

இரண்டையும் கூட்டினால் வலப்பக்கம் சுழியாகிறது; மிச்சமிருப்பது m₁u₁ + m₂u₂ = m₁v₁ + m₂v₂. A இழந்ததை B அப்படியே பெற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். F எவ்வளவு, t எவ்வளவு என்று நமக்குத் தெரியாமலேயே அவை கணக்கிலிருந்து மறைந்துவிட்டன. மோதலின் உள்விவரம் தெரியாமலேயே விடையைச் சொல்ல முடிவது இதனால்தான்.

பாதையைத் தயார் செய்தல்

பாடநூலில் 'உராய்வற்ற பாதை' என்று எழுதிவிடலாம். ஆய்வக மேசையில் அப்படி ஒன்று கிடையாது. சக்கரமுள்ள வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும், அச்சின் உராய்வும் வண்டியோடு இழுபடும் காகித நாடாவின் உராய்வும் அதை மெதுவாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே உராய்வை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் பலகையின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். சரிவில் கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் சிறு பகுதி, பின்னோக்கி இழுக்கும் உராய்வைச் சரிக்கட்டிவிடும்.

எவ்வளவு உயர்த்துவது என்பதைக் கண்ணால் தீர்மானிக்கக் கூடாது. வண்டியின் பின்புறம் காகித நாடாவை ஒட்டி, அதை டிக்கர் டைமருக்குள் செலுத்துங்கள். டிக்கர் டைமர் என்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஒரு சிறு தகட்டைத் துடிக்கச் செய்து, கார்பன் தாளின் வழியாக நாடாவில் புள்ளியிடும் கருவி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது விநாடிக்கு 50 புள்ளிகள் இடும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேரம் 0.02 விநாடி. பலகையின் அடியில் ஓர் அட்டையைச் செருகி, வண்டியை இலேசாக ஒரு தட்டு தட்டி விடுங்கள். நாடாவில் புள்ளிகள் போகப் போக நெருங்கினால் சரிவு போதவில்லை. போகப் போக விலகினால் சரிவு அதிகம். தொடக்கம் முதல் முடிவு வரை இடைவெளிகள் ஒரே அளவில் இருக்கும்வரை அட்டைகளைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். இதை நாடா ஒட்டாத வண்டியை வைத்துச் செய்தால் பயனில்லை, ஏனென்றால் நாடாவின் இழுவையும் ஈடுகட்டப்பட வேண்டிய உராய்வின் ஒரு பகுதி.

இப்போது B வண்டியைப் பாதையின் நடுவில் நிறுத்திப் பாருங்கள். B-க்கு நாடா இல்லை. ஆகவே சரிவு அதற்குச் சற்று மிகையாகத் தோன்றலாம். அது தானாக உருளத் தொடங்கினால், அது நிற்கும் அளவுக்குச் சரிவை மிகக் கொஞ்சமாகக் குறையுங்கள்.

மோதலை நடத்துதல்

A வண்டியின் முன்பக்கத்தில் ஓர் ஊசியையும், அதற்கு நேரே B-யின் பின்பக்கத்தில் ஒரு தக்கையையும் பொருத்துங்கள். ஊசிக்குப் பதில் இரு வண்டிகளிலும் வெல்க்ரோ பட்டையை ஒட்டினாலும் சரி. இரண்டின் நிறைகளையும் தராசில் பாருங்கள். ஊசி, தக்கை, மேலே வைத்த எடைக்கல் எல்லாம் சேர்ந்த நிறைதான் கணக்குக்கு வேண்டும். நம் எடுத்துக்காட்டில் A-யின் நிறை 0.80 கி.கி. என்றும், ஓர் எடைக்கல்லைச் சுமந்த B-யின் நிறை 1.20 கி.கி. என்றும் கொள்வோம்.

டைமரை ஓடவிட்டு, A-ஐ மெல்லத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கை எடுத்த பிறகு அது கொஞ்ச தூரம் தனியாக ஓடிய பின்னரே B-ஐ மோத வேண்டும். கை தொட்டுக்கொண்டிருக்கும்போதே மோதல் நடந்தால், நம் தொகுதிக்கு வெளியிலிருந்து ஒரு விசை உள்ளே வந்துவிடும். பிறகு மொத்த உந்தம் மாறாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை.

நாடாவைப் படித்தல்

நாடாவை மேசையில் நீட்டி வைத்து அளவுகோலால் அளந்தால், புள்ளிகளுக்கு இடையிலான தூரம் மில்லிமீட்டரில் ஏறக்குறைய இப்படி வரும்: 12, 12, 12, 12, 10, 6, 5, 5, 4, 5, 5... முதலில் வரும் 12 மி.மீ. இடைவெளிகள் A தனியாக ஓடியதைக் காட்டுகின்றன. 10, 6 என்று இரண்டு இடைவெளிகளில் மோதல் நடந்து முடிந்துவிட்டது. அதாவது ஊசி தக்கைக்குள் இறங்கியது முழுவதும் 0.04 விநாடிக்குள். அதற்குப் பின் வருவது இரண்டு வண்டிகளும் சேர்ந்து ஓடியதன் தடம். மோதல் நடந்த அந்த இரண்டு இடைவெளிகளைக் கணக்கில் சேர்க்காமல், அதற்குச் சற்று முன்னால் பத்து இடைவெளிகளையும் சற்றுப் பின்னால் பத்து இடைவெளிகளையும் அளக்க வேண்டும்.

பத்து இடைவெளி என்றால் பதினொரு புள்ளிகள். பத்துப் புள்ளிகளை எண்ணிவிட்டு 0.2 விநாடி என்று எழுதினால், உண்மையில் கடந்தது ஒன்பது இடைவெளிகள்தான், 0.18 விநாடிதான். இந்தத் தவறில் ஒரு விசித்திரம் உண்டு: முன்னும் பின்னும் ஒரே மாதிரி தவறாக எண்ணினால் இரு திசைவேகங்களும் ஒரே விகிதத்தில் குறைந்துவிடும், உந்தம் அழியவில்லை என்ற முடிவு அப்போதும் சரியாகவே வரும். மின்சாரத்தின் அதிர்வெண் சற்று மாறியிருந்தாலும் இதே கதைதான். முடிவு சரியாக வந்துவிட்டது என்பதால் அளவுகளும் சரி என்று எண்ணிவிடாதீர்கள். திசைவேகத்தைத் தனியாகவும் சரிபாருங்கள்.

மோதலுக்கு முன் பத்து இடைவெளிகளின் நீளம் 12.0 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.120 மீட்டரை 0.2 விநாடியால் வகுத்தால் 0.60 மீ/வி. B நிற்கிறது என்பதால் அதன் உந்தம் சுழி. ஆகவே மொத்த உந்தம் 0.80 × 0.60 = 0.480 கி.கி. மீ/வி. மோதலுக்குப் பின் நகரும் நிறை 0.80 + 1.20 = 2.00 கி.கி. விதி சரியென்றால் திசைவேகம் 0.480 ÷ 2.00 = 0.24 மீ/வி ஆக வேண்டும். பத்து இடைவெளிகள் 4.8 செ.மீ. வர வேண்டும். நாடாவில் அளந்தபோது 4.7 செ.மீ. வந்தது என்போம். திசைவேகம் 0.235 மீ/வி, மொத்த உந்தம் 0.470 கி.கி. மீ/வி.

0.480-க்கும் 0.470-க்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 விழுக்காடு. இது விதியின் தவறா, அளவீட்டின் தவறா? அளவுகோலின் மிகச் சிறிய பிரிவு 1 மி.மீ.; 48 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. என்பதே 2 விழுக்காடு. ஆகவே இந்த வேறுபாடு நம்மால் அளக்க முடிந்த நுட்பத்துக்குள் அடங்குகிறது. விதியோடு முரண்படவில்லை என்று நேர்மையாக எழுதலாம். வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால்தான் காரணம் தேட வேண்டும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது சரிவை, அடுத்து நிறைகளை. எடைக்கல்லைச் சேர்க்க மறந்துவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை.

மோதலுக்குச் சற்று முன்னும் பின்னும் மட்டும் ஏன் அளக்கிறோம்

சரிவை எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஈடுகட்டப்படாத சிறு உராய்வு மிஞ்சத்தான் செய்யும். அது 0.1 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். மோதல் நடக்கும் 0.04 விநாடியில் அது எடுத்துக்கொள்ளும் உந்தம் 0.1 × 0.04 = 0.004 கி.கி. மீ/வி, மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதே 0.04 விநாடியில் A-யிலிருந்து B-க்கு மாறிய உந்தமோ ஏறத்தாழ 0.29 கி.கி. மீ/வி, அதற்கு வேண்டிய சராசரி விசை சுமார் 7 நியூட்டன். மோதல் விசைக்கு முன்னால் உராய்வு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வண்டிகளை ஒரு முழு விநாடி ஓடவிட்டுவிட்டு அளந்தால், அதே உராய்வு 0.1 கி.கி. மீ/வி-ஐ, அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுவிடும். 'புற விசை இல்லாதபோது' என்று விதியில் வரும் நிபந்தனையை ஆய்வகத்தில் இப்படித்தான் நிறைவேற்றுகிறோம்: புற விசையை முழுவதும் நீக்க முடியாது, அது செயல்படும் நேரத்தைக் குறுக்கிவிட முடியும்.

உந்தம் நிலைக்கிறது, இயக்க ஆற்றல் நிலைக்கவில்லை

இதே அளவுகளை வைத்து இயக்க ஆற்றலையும் கணக்கிட்டுப் பாருங்கள். மோதலுக்கு முன் ½ × 0.80 × 0.60² = 0.144 ஜூல். பின்னர் ½ × 2.00 × 0.235² = 0.055 ஜூல். பாதிக்கு மேல் காணவில்லை. அது ஊசி தக்கையைத் துளைத்ததிலும், வெப்பமாகவும் ஒலியாகவும் மாறியதிலும் போயிற்று. இப்படி இயக்க ஆற்றல் குறையும் மோதலை மீட்சியற்ற மோதல் என்கிறோம். ஆற்றல் வெப்பமாக உருமாறலாம். உந்தத்துக்கு அப்படி உருமாறிக்கொள்ள வேறு வடிவம் கிடையாது. அது ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

வண்டி திரும்பி வரும் மோதல்

ஊசியை எடுத்துவிட்டுச் சுருள்வில்லையோ, ஒன்றையொன்று விலக்கும் காந்தங்களையோ பொருத்தினால், A மோதிய பிறகு திரும்பி வரும். இதைச் சரிவான பலகையில் செய்யக் கூடாது. கீழ்நோக்கி ஓடும் வண்டிக்குத்தான் சரிவு உராய்வை ஈடுகட்டுகிறது; மேல்நோக்கித் திரும்பும் வண்டியை உராய்வு, சரிவு இரண்டும் சேர்ந்தே பின்னுக்கு இழுக்கும். நாடாவும் திரும்பி வரும்போது மடங்கிச் சுருண்டுவிடும். ஆகவே துளைகள் வழியே காற்று வெளிவந்து வண்டியைத் தாங்கும் காற்றுப் பாதையில், ரசமட்டம் வைத்துக் கிடையாகச் சரிசெய்து, ஒளிக்கதிர் தடைபடும் நேரத்தை அளக்கும் ஃபோட்டோகேட் கொண்டு இதைச் செய்வது நல்லது.

இங்கே வண்டிகள் இலேசானவை, A 0.20 கி.கி., B 0.30 கி.கி. என்று கொள்வோம். A-யின் மேலுள்ள 10 செ.மீ. அட்டை ஒளிக்கதிரை 0.167 விநாடி மறைத்தால் திசைவேகம் 0.60 மீ/வி, உந்தம் 0.120 கி.கி. மீ/வி. ஆற்றல் இழப்பே இல்லாத மீட்சி மோதல் என்றால், B முன்னோக்கி 0.48 மீ/வி-யிலும் A பின்னோக்கி 0.12 மீ/வி-யிலும் செல்லும். ஃபோட்டோகேட் A-க்கு 0.833 விநாடி என்று காட்டும். அது எந்தத் திசையில் போயிற்று என்பதைக் காட்டாது. அந்தக் குறியை நாம்தான் போட வேண்டும். குறியோடு கூட்டினால் 0.30 × 0.48 + 0.20 × (−0.12) = 0.144 − 0.024 = 0.120, சரியாக வருகிறது. குறியை மறந்து கூட்டினால் 0.168 வரும், உந்தம் எங்கிருந்தோ கூடிவிட்டதாகத் தோன்றும்.

இந்தப் பிழையைச் செய்யும் மாணவர் தனியாக இல்லை. பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட் 1644-ல் வெளியிட்ட நூலில் மோதலுக்கான விதிகளை எழுதியபோது, பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கினாரே தவிர, திசையைக் கணக்கில் கொள்ளவில்லை. அதனால் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும், நிற்கும் பெரிய பொருளை அசைக்க முடியாது, அதே வேகத்தில் திரும்பிவிடும் என்று ஒரு விதியைச் சொன்னார். குறி இல்லாத கணக்கில் அது பொருந்தத்தான் செய்கிறது: முன்னே 0.120, பின்னே 0.120. குறியோடு பார்த்தால் +0.120 என்பது −0.120 ஆகியிருக்கிறது. நம் மேசையில் 0.20 கி.கி. வண்டி 0.30 கி.கி. வண்டியை நகர்த்தும் அந்த ஒரு காட்சியே அவருடைய விதியைத் தவறென்று காட்டிவிடுகிறது. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் திசையைச் சேர்த்துச் சரியான விதியைக் கண்டார்; லண்டன் ராயல் சொசைட்டியின் வழியாக அவருடைய முடிவுகளும் ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென் ஆகியோரின் முடிவுகளும் 1669-ல் வெளியாயின. பின்னர் நியூட்டன் ஊசல் குண்டுகளை மோதவிட்டு இதைச் சோதித்து, 1687-ல் வெளிவந்த தம் நூலில் மூன்றாம் விதிக்குச் சான்றாகக் காட்டினார்.

கருவியே இல்லாமல் ஒரு சோதனை

டைமரும் ஃபோட்டோகேட்டும் இல்லாத பள்ளியிலும் விதியைச் சோதிக்க வழி உண்டு. கிடையான மேசையில் 0.80, 1.20 கி.கி. வண்டிகள் இரண்டையும் தொட்டபடி நிறுத்தி, நடுவில் அழுத்திவைத்த சுருள்வில் ஒன்றைச் சட்டென விடுவியுங்கள். தொடக்கத்தில் மொத்த உந்தம் சுழி. ஆகவே பிரிந்த பின்னும் சுழிதான். அதாவது m₁v₁ = m₂v₂, திசைகள் எதிரெதிர். இலேசான வண்டி மூன்று பங்கு வேகத்தில் சென்றால் கனமான வண்டி இரண்டு பங்கு வேகத்தில் செல்லும். இரு பக்கமும் ஒவ்வொரு மரக்கட்டையை வையுங்கள்: வண்டிகளின் முன்முனையிலிருந்து இலேசான வண்டியின் பக்கம் 60 செ.மீ. தொலைவில், கனமான வண்டியின் பக்கம் 40 செ.மீ. தொலைவில். விதி சரியென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கட்டையில் மோதி, ஒரே 'டக்' என்று கேட்கும். 'டக்-டக்' என்று இரண்டாகக் கேட்டால், எந்தப் பக்கத்து ஒலி முதலில் வந்தது என்று கவனித்து, அந்தப் பக்கத்துக் கட்டையை ஒவ்வொரு சென்டிமீட்டராகத் தள்ளி வைத்து மீண்டும் செய்யுங்கள். ஒலிகள் இரண்டும் ஒன்றாகும் இடத்தில் நின்று, இரு தூரங்களையும் அளந்து, 0.80 × d₁-ஐயும் 1.20 × d₂-ஐயும் ஒப்பிடுங்கள். அவை பொருந்தாமல் போனால், மேசை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் வண்டிகளை இடம் மாற்றி வைத்து, கட்டைகளையும் அவற்றோடு மாற்றி, சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சாய்வு இருந்தால் இம்முறை பிழை எதிர்ப்பக்கம் விழும்.